90 நாள் நோட்டீஸ், வேறு ஊர், 20 சதவீதம் கூடுதல் சம்பளம்: மூவரில் யாரை எடுப்பது?

கேள்வி: "எங்கள் குழுவில் ஒரு பணியிடத்துக்கு மூன்று பேர் இறுதிவரை வந்திருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வர வேண்டிய வேலை. முதலாமவர் திறமையில் மற்ற இருவரையும்விட மேல், ஆனால் நோட்டீஸ் காலம் 90 நாள். இரண்டாமவர் உடனே சேர்கிறேன் என்கிறார். வேறு ஊரில் இருக்கிறார், திறமையும் சற்றுக் குறைவு. மூன்றாமவர் உள்ளூர், 30 நாளில் வந்துவிடுவார், ஆனால் ஒதுக்கிய சம்பளத்தைவிட 20 சதவீதம் அதிகம் கேட்கிறார். மனிதவளத் துறை இடம், நோட்டீஸ், சம்பளம் மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுத் திறமை மதிப்பெண்ணோடு கூட்டச் சொல்கிறது. அப்படிச் செய்யலாமா?"

கூட்ட வேண்டாம். பல ஆண்டுகளாகப் பணியமர்த்தலில் இருப்பவன் என்ற முறையில் இதை உறுதியாகவே சொல்கிறேன். திறமைகளுக்குள் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுசெய்யும். ஒரு மென்பொருளில் பழக்கம் குறைந்தவர் துறை அறிவால் அதைச் சமாளித்துவிடுவார். ஆனால் வாரம் மூன்று நாள் அலுவலகம் வர முடியாதவருக்குத் திறமையில் பத்துக்குப் பத்து போட்டாலும் அவரால் வர முடியப்போவதில்லை. கூட்டல் அட்டவணை இந்த முடியாமையை இரண்டு மதிப்பெண் குறைவாக மாற்றி மறைத்துவிடும்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது, பலரும் கவனிக்காதது. இந்த மூன்று அம்சங்களும் வெவ்வேறு கால அளவில் வலிப்பவை. நோட்டீஸ் காலத்தின் இழப்பு ஒரே ஒரு முறை வருவது. அவர் சேர்ந்த நாளோடு அது முடிந்தது, அடுத்த ஆண்டு யாருக்கும் அது நினைவில்கூட இருக்காது. சம்பள வேறுபாடு மாதாமாதம் வருவது. இடப் பொருத்தமின்மை அலுவலகம் வரும் ஒவ்வொரு நாளும் வருவது, அதன் விலையை முதலில் கொடுப்பவர் ஊழியர். அவர் தாங்க முடியாமல் விலகும்போதுதான் அது நிறுவனத்தின் கணக்கில் ஏறும். நடைமுறையில் நம் மனம் இதை அப்படியே தலைகீழாக எடைபோடுகிறது. காலி இடம் இன்றைக்கு உறுத்துவதால் நோட்டீஸுக்கு அதிக எடை. 'இடம் மாறத் தயார்' என்று ஒரு வரி சொல்லிவிட்டதால் இடத்துக்கு எடையே இல்லை. உங்கள் மூவர் விஷயத்திலும் இந்தத் தலைகீழ்த் தவறு நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

எனவே முதலில், ஒப்பிடத் தொடங்கும் முன்பே, ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள்: இந்த வேலை இருக்கிற நிபந்தனைகளில் இது நடக்கக்கூடியதா, இல்லையா? ஆம் என்றால் உள்ளே, இல்லை என்றால் வெளியே. உள்ளே வந்தவர்களின் நோட்டீஸ், இடம், சம்பளத்தை மதிப்பெண்ணாக்காமல் நாளாகவும் பணமாகவும் மாற்றுங்கள். அப்போதுதான் எதற்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

முதலாமவரின் 90 நாளை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது 90. உண்மையில் அவர் விடுபடப்போகும் நாள் வேறாக இருக்கலாம். அந்தத் தேதியை நகர்த்தக்கூடியவை சில உண்டு. மீதமுள்ள விடுப்பை நோட்டீஸில் கழிக்க அவருடைய நிறுவனம் அனுமதிக்கலாம். மீதி நாட்களுக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டு விலகும் வசதி ஒப்பந்தத்தில் இருக்கலாம். அது ஊழியரின் உரிமையா, நிறுவனம் சம்மதித்தால் மட்டுமா என்பதை அவரே தன் ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கையிலுள்ள பணி ஒரு கட்டத்தை எட்டும் நாளில் மேலாளரே முன்கூட்டி விடுவிப்பதும் உண்டு. இதற்கு எதிர்த்திசையில் நகர்த்துபவையும் உண்டு: அவர் இன்னும் ராஜினாமாவே கொடுக்கவில்லை என்றால், உங்கள் ஆஃபர் கடிதம் கைக்கு வந்து, அவர் யோசித்து, கடிதம் கொடுக்கும்வரை 90 ஓடத் தொடங்காது. ஆகவே 'எத்தனை நாள் நோட்டீஸ்' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். 'ஆஃபர் கிடைத்தால் எந்தத் தேதியில் ராஜினாமா கொடுப்பீர்கள், கடைசி வேலை நாள் எது என்று கணக்கிடுகிறீர்கள்' என்று கேளுங்கள். தேதியைச் சொல்லத் தயங்குபவர் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று பொருள்.

இப்போது அந்தக் காத்திருப்பின் விலை. ஒதுக்கிய மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். இந்த வேலை ஒரு மாதம் நடக்காமல் போனால் உங்களுக்கு ஏற்படும் இழப்பை, அதாவது தாமதமான பணி, மற்றவர்கள் பார்க்கும் கூடுதல் நேரம், வெளியே கொடுத்துச் செய்யும் வேலை எல்லாம் சேர்த்து, 150 என்று மதிப்பிடுகிறீர்கள் என்று கொள்வோம். இடம் காலியாக இருக்கும் மாதத்தில் 100 சம்பளம் மிச்சமாகிறது. ஆக நிகர இழப்பு மாதத்துக்கு 50. மூன்றாமவரோடு ஒப்பிட்டால் முதலாமவருக்காக நீங்கள் கூடுதலாகக் காத்திருப்பது இரண்டு மாதம், இழப்பு 100. மூன்றாமவரின் கூடுதல் 20-ஐ இரண்டு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 480. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்த பிறகு '90 நாளா, அம்மாடி' என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் 100 என்பது முழுக் கணக்கல்ல. நீண்ட நோட்டீஸில் இருப்பவர் கடைசியில் சேராமலே போகும் ஆபத்து இருக்கிறது. நான்கில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்; இது நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண், உங்கள் நிறுவனத்தின் பழைய பதிவுகளில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். சேராமல் போனால் மறுபடி தேடி ஒருவரைக் கொண்டுவர இன்னும் நான்கு மாதம் ஆகும் என்றால், நான்கில் ஒரு பங்கு நான்கு மாதம் என்பது சராசரியில் ஒரு மாதம். ஆகக் காத்திருப்பு இரண்டு மாதமாக இல்லாமல் மூன்று மாதமாகிறது, இழப்பு 150. இன்னும் 480-க்கு வெகு கீழே. இந்த முடிவு எப்போது மாறும்? மூன்று மாதக் காத்திருப்பின் இழப்பு 480-ஐத் தாண்டினால், அதாவது நிகர மாத இழப்பு 160-க்கு மேல் போனால் மாறும். உங்கள் மதிப்பீடு 150 ஆக இல்லாமல் 260-க்கு மேல் என்றால் மூன்றாமவரே மலிவு. மாதக் கணக்கு எடுபடாத ஒரு நிலையும் இருக்கிறது: இரண்டு மாதத்தில் ஒரு ஒப்படைப்புத் தேதி இருந்து, அதைத் தவறவிட்டால் வாடிக்கையாளரே போய்விடுவார் என்றால், நோட்டீஸ் காலம் நடக்குமா நடக்காதா என்ற முதல் கேள்விக்குள் போய்விடும். அப்படி ஒரு தேதி உங்களிடம் உண்மையாகவே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'சீக்கிரம் வேண்டும்' என்பது தேதி அல்ல.

சேராமல் போகும் ஆபத்து வெறும் எண் அல்ல, அதற்கு அடையாளங்கள் உண்டு. பெரும்பாலும் நடப்பது இதுதான்: ராஜினாமா கொடுத்ததும் தற்போதைய நிறுவனம் சம்பளத்தை உயர்த்தித் தக்கவைக்க முயலும், இல்லையென்றால் 90 நாளில் வேறொரு ஆஃபர் வந்து சேரும். முதலாவதைப் பற்றி ஆஃபர் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடலாம். 'அங்கேயே சம்பளம் உயர்த்தினால் இருப்பீர்களா' என்று கேட்டால் யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். 'ஏன் விலக நினைக்கிறீர்கள்' என்று கேட்டு, அந்தக் காரணம் பணத்தால் தீரக்கூடியதா என்று நீங்கள் பாருங்கள். பணத்துக்காக மட்டும் விலகுபவரைப் பணம் கொடுத்து நிறுத்திவிடலாம்; வேலையின் தன்மை மாறியதாலோ, வளர இடமில்லாததாலோ விலகுபவரை நிறுத்துவது கடினம். ஆஃபருக்குப் பிறகு கவனிக்க வேண்டியது ராஜினாமா ஏற்கப்பட்ட தகவல். ஒரு வாரத்துக்குள் அது வரவில்லை, தொலைபேசிக்குப் பதில் தாமதமாகிறது, சேரும் தேதியைப் பேச்சுவாக்கில் தள்ளுகிறார் என்றால் உங்கள் கணக்கில் நான்கில் ஒன்றைப் பாதியாக உயர்த்திக்கொள்ளுங்கள்.

இரண்டாமவரின் 'உடனே' என்ற சொல்லை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள், சந்தேகத்தோடும் பார்க்காதீர்கள். உடனே சேர முடிவதற்கு நியாயமான காரணங்கள் பல: ஆட்குறைப்பு, ஒப்பந்தப் பணி முடிந்தது, குடும்பப் பொறுப்புக்காக எடுத்த இடைவெளி. இவற்றில் எதுவும் திறமைக் குறைவின் சான்று அல்ல. அப்படி நினைத்து நல்லவர்களை இழக்கும் நிறுவனங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வேறு. ஏற்கெனவே ஒரு ஆஃபரை ஏற்று, ராஜினாமா கொடுத்து, நோட்டீஸின் கடைசி நாட்களில் இருப்பவரும் 'உடனே' என்றுதான் சொல்வார். அவர் ஒருவருக்குக் கொடுத்த வாக்கை உங்களுக்காக விடுபவர் என்றால், இன்னொருவருக்காக உங்களையும் விடலாம். 'இப்போது வேறு ஆஃபர் கையில் இருக்கிறதா, அதைவிட இது ஏன் பொருத்தம்' என்று நேராகக் கேளுங்கள். நேரான பதில் வந்தால் அதை நம்பலாம்.

அவருடைய பெரிய கேள்வி இடம். 'மாறத் தயார்' என்பதற்குப் பல படிகள் உண்டு. வேலை கிடைத்தால் பார்க்கலாம் என்பதும் அதில் அடங்கும், வாடகை விசாரித்து வைத்திருக்கிறேன் என்பதும் அடங்கும். இரண்டையும் பிரித்துக்காட்டுவது விவரங்கள். எந்தப் பகுதியில் தங்க உத்தேசம், வாடகை எவ்வளவு என்று பார்த்தாரா, தற்போதைய வீட்டு ஒப்பந்தம் எப்போது முடிகிறது, முதல் இரண்டு மாதம் எங்கே தங்குவார், அந்த ஊரில் முன்பு இருந்திருக்கிறாரா. இவற்றுக்குப் பதில் வைத்திருப்பவர் மாறுவார். பதில் இல்லாதவர் மாறவே மாட்டார் என்றில்லை. ஆனால் அவர் இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை, யோசிக்கும்போது மனம் மாறக்கூடும். நான் அதிகம் பார்த்த தோல்வி வடிவம் ஒன்று: வேலையில் சேர்ந்தவர் குடும்பத்தைப் பிறகு அழைத்துக்கொள்கிறேன் என்று தனியாக வருவார். வார இறுதிதோறும் ஊருக்குப் போய் வருவார். ஆறேழு மாதத்தில் குடும்பம் வர முடியாது என்பது உறுதியாகும். வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்பார், கிடைக்காவிட்டால் விலகுவார். அதற்குள் நீங்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்து முடித்திருப்பீர்கள்.

இங்கே ஓர் எல்லையைச் சொல்லியாக வேண்டும். 'திருமணமாகிவிட்டதா, மனைவியோ கணவரோ வேலை பார்க்கிறார்களா, குழந்தை எந்த வகுப்பு' என்று கேட்கக் கூடாது. பல நாடுகளில் இத்தகைய கேள்விகள் பாகுபாட்டு வழக்குக்கு இடம் கொடுப்பவை. சட்டம் தடுக்காத இடத்திலும் அவை பெண்களையே அதிகம் வெளியே தள்ளுகின்றன. உங்களுக்கு வேண்டியது குடும்ப விவரம் அல்ல, திட்டம். 'இந்தத் தேதிக்குள் இங்கே குடிவரத் தடையாக எதுவும் இருக்கிறதா, அதற்கு நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா' என்று மூவரிடமும் ஒரே சொற்களில் கேளுங்கள். சொல்ல விரும்புவதை அவர் சொல்வார். நீங்கள் செய்யக்கூடியவையும் உண்டு: குடிபெயரும் செலவு, முதல் மாதத் தங்குமிடம், முதல் எட்டு வாரத்துக்கு வாரம் ஒருநாள் வருகை. இவை ஒருமுறைச் செலவு என்பதால் சம்பள உயர்வைவிட எளிதில் ஒப்புதல் பெறக்கூடியவை.

உள்ளூர் என்பதால் மூன்றாமவரின் இடத்தைக் கேள்வியின்றி விட்டுவிடவும் வேண்டாம். ஒரே ஊரின் இரு முனைகளுக்கு இடையே அலுவலக நேரத்தில் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம். வாரம் மூன்று நாள் என்றால் பயணத்துக்கு மட்டும் ஒன்பது மணி நேரம், ஏறக்குறைய ஒரு வேலை நாளுக்கும் மேல். வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்க்காமல், வேலை தொடங்கும் முடியும் நேரத்தில் எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். அதை வைத்து அவரை நிராகரிக்கச் சொல்லவில்லை. அவரிடம் அதைப் பேசுங்கள். இப்போதைய வேலைக்கும் அதே தூரம் போய்வருபவர் என்றால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது.

சம்பளத்துக்கு வருகிறேன். 20 சதவீதம் அதிகம் என்று சொல்லும் முன் இரண்டு எண்களும் ஒரே வகையா என்று பாருங்கள். உங்கள் ஒதுக்கீடு நிலையான சம்பளம் மட்டுமா, நிறுவனத்தின் பங்களிப்புகளும் ஆண்டு ஊக்கத்தொகையும் சேர்ந்ததா? அவர் சொன்னது கையில் கிடைப்பதா, பிடித்தங்களுக்கு முந்தையதா? ஒருவர் மொத்தத்தையும் மற்றவர் நிலையான பகுதியையும் மனத்தில் வைத்துப் பேசி, இல்லாத இடைவெளியை இருப்பதாக நினைத்து முறிந்த பேச்சுவார்த்தைகள் ஏராளம். சரிபார்த்த பிறகும் 20 நின்றால், அது எதன் விலை என்று கேளுங்கள். வேறு ஆஃபர் அந்த அளவில் இருந்தால் அது சந்தை விலை; உங்கள் ஒதுக்கீடே பழையதாக இருக்கலாம். பேரம் பேசுவதற்காகச் சொன்ன தொடக்க எண் என்றால், 'எதற்குக் கீழே போனால் நிச்சயம் வரமாட்டீர்கள்' என்ற கேள்விக்கு வேறு எண் வரும்.

தற்போது எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று கேட்டு அதன் மேல் சதவீதம் போடும் பழக்கத்தை மட்டும் கைவிடுங்கள். கலிபோர்னியாவில் 2018 முதல் அது சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது; ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை நெறியும் பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடுக்கிறது, தொடக்கச் சம்பளத்தையோ அதன் வரம்பையோ விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே சொல்லவும் சொல்கிறது. காரணம் நியாயமானது: முன்பு குறைத்துக் கொடுக்கப்பட்டவர் ஒவ்வொரு வேலையிலும் அந்தக் குறையைச் சுமந்து செல்கிறார். உங்கள் வரம்பை நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் எதிர்பார்ப்பு பற்றிய பேச்சே சுருங்கிவிடும். வரம்புக்குக் கீழே கேட்பவருக்கும் வரம்பின்படியே கொடுங்கள். இப்போது மிச்சம் பிடித்தது, பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளம் தெரியும் நாளில் ராஜினாமாவாகத் திரும்பி வரும்.

அதே காரணத்தால் மூன்றாமவரின் 20-க்கு மறைந்த ஒரு விலையும் உண்டு. அதே வேலையை அதே தரத்தில் செய்யும் இருவர் உங்கள் குழுவில் 100 வாங்கிக்கொண்டிருந்தால், புதியவருக்கு 120 கொடுக்கும் முடிவு உண்மையில் மாதம் 20 செலவல்ல, 60 செலவு. உடனே இல்லாவிட்டாலும் அடுத்த சம்பள உயர்வின்போது. அவருடைய திறமை அந்த இருவரையும்விடத் தெளிவாக மேல் என்று எழுத்தில் காட்ட முடிந்தால் மட்டும் 20 ஆகவே நிற்கும். உங்கள் கேள்வியின்படி அவர் திறமையிலும் முதலாமவருக்குக் கீழே. அவரை 105-க்கு இறக்கிக் கொண்டுவருவதும் எனக்கு உவப்பில்லை. 120 மதிப்பு என்று தன்னை நம்புபவர் 105-க்குச் சம்மதித்தால் தேடுவதை நிறுத்தியிருக்க மாட்டார்.

நீங்கள் சொன்ன விவரங்களை மட்டும் வைத்து, இரண்டு மாதத்துக்குள் அசையாத ஒப்படைப்புத் தேதி இல்லையென்றால், நான் முதலாமவருக்கு ஆஃபர் கொடுப்பேன். கொடுக்கும் முன் ராஜினாமாத் தேதியையும், நோட்டீஸைக் குறைக்க அவரால் எதைக் கேட்க முடியும் என்பதையும் பேசிவிடுவேன். மீதி நோட்டீஸுக்குப் பணம் கட்டி விலகும் வசதி இருந்தால், 30 நாளைக் குறைக்க அவருடைய அங்குள்ள சம்பளத்தில் ஒரு மாதத் தொகை தேவைப்படும். உங்கள் நிகர மாத இழப்பு 50 மட்டும் என்றால் அதற்குப் பணம் கொடுப்பது நஷ்டம். இழப்பு அந்தத் தொகையைத் தாண்டினால்தான் லாபம். காத்திருக்கும் நாட்களில் இரு வாரத்துக்கு ஒருமுறை அவரோடு பேசுங்கள், குழுவினரைச் சந்திக்க அழையுங்கள். அவர் வேறொரு நிறுவனத்தின் ஊழியர் என்பதால் வேலை எதுவும் கொடுக்காதீர்கள்.

மற்ற இருவரையும் பதிலின்றித் தொங்கவிடுவது தவறு. முதலாமவரின் ராஜினாமா ஏற்கப்பட்டதற்கான சான்று வரும்வரை, ஏறக்குறைய பத்து நாள், 'ஒருவருக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறோம், இந்தத் தேதிக்குள் உங்களுக்கு உறுதியான பதில் சொல்கிறோம்' என்று உண்மையைச் சொல்லி வையுங்கள். அந்த நாட்களுக்குள் இரண்டாமவரிடம் வீடு, வாடகை, குடிவரும் தேதி பற்றிய கேள்விகளைக் கேட்டு முடித்துவிடலாம். பதில்கள் திருத்தமாக இருந்து, அவருடைய திறமைக் குறை மூன்று மாதப் பயிற்சியில் தீரக்கூடியது என்று உங்கள் குழுவும் சொன்னால், முதலாமவர் தவறும்போது அடுத்த அழைப்பு மூன்றாமவருக்குப் போக வேண்டியதில்லை, இரண்டாமவருக்கே போகலாம். குறை அடிப்படையானது என்றால் மூன்றாமவருக்காக வரம்பை உயர்த்தக் கேளுங்கள்; அப்படிக் கேட்கும்போது அந்த 60-ஐயும் சேர்த்தே கேளுங்கள்.